டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டில் மாத்திரைப் பட்டியல் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்றுதான் அம்மாவை டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டி வந்தோம். ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒரு பை, வீட்டில் ஏற்கெனவே இருந்தது ஒரு டப்பா. எதிலிருந்து ஆரம்பிப்பது?

மதுரையில் மெடிக்கல் கவுண்டரில் நிற்கிற எங்களுக்குத் தினமும் வரும் கேள்வி இது. மஞ்சப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, "இதுல எதைக் கொடுக்கணும், எதை விடணும்?" என்று கேட்பார்கள்.

முதலில் இரண்டையும் கலக்காதீர்கள். ஆஸ்பத்திரிப் பை தனி, பழைய டப்பா தனி. அடுத்து, வீட்டுக்கு வந்த அன்றைக்கு எந்த வேளை மாத்திரை வார்டிலேயே கொடுத்தாகிவிட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் நர்ஸ் கொடுத்துவிட்டிருப்பார். மதியம் பில் கட்டி, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "காலை மாத்திரை போடவே இல்லையே" என்று மகள் இன்னொரு முறை கொடுப்பார். இரட்டிப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

அதன் பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தை எடுங்கள். "டிஸ்சார்ஜ் அட்வைஸ்" என்று ஒரு பகுதி இருக்கும். இனிமேல் அதுதான் அடிப்படை. பழைய டப்பாவில் இருக்கிற ஒவ்வொன்றையும் அதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

சம்மரியில் இல்லாத பழைய மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. தொடரச் சொல்லிவிட்டார்கள் என்றும் அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அந்த மாத்திரை இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நெஞ்சுவலி என்று ராத்திரி 108-இல் ஏற்றிக்கொண்டு போகிறோம். மாத்திரை டப்பாவை யார் எடுத்தார்கள்? அட்மிஷன் போடும் டாக்டர், "சுகர், பிரஷர் இருக்கா?" என்பார். "இருக்கு, மாத்திரை போடுறாங்க" என்போம். "சுகர், பிரஷர் உண்டு, மாத்திரை எடுக்கிறார்" என்று ஒரு வரி எழுதிக்கொள்வார். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பது பதிவில் ஏறாது. டிஸ்சார்ஜ் எழுதும் டாக்டர் அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு இன்றைய நிலைமைக்கு வேண்டியதை எழுதுகிறார். உங்கள் டப்பாவில் இருக்கும் அட்டை அவர் கண்ணில் பட்டதே இல்லை.

இதைவிட ஆபத்தானது "பழைய மாத்திரைகளைத் தொடரவும்" என்று ஒரே வரியில் எழுதிவிடுவது. எந்தப் பழைய மாத்திரை என்று பெயர் சொல்லாத வரை அந்த வரியை நம்பாதீர்கள். டப்பாவோடு போய், ஒவ்வொன்றுக்கும் எதிரே தொடர, நிறுத்த, மாற்ற என்று மூன்றில் ஒன்றை எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே யாராவது டப்பாவை வார்டுக்குக் கொண்டுபோய்விட்டால் வேலை பாதி முடிந்தது.

பெயர் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவே இல்லை. பழசு வெள்ளை, புதுசு மஞ்சள். ஒரே மருந்தா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தையும் வடிவத்தையும் மறந்துவிடுங்கள். அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். இன்னொன்று உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், பக்கத்தில் மில்லிகிராம் கணக்கோடு அச்சாகியிருக்கும். ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவது பெயரைத்தான். ஒரே மெட்ஃபார்மினை எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ பெயர்களில் விற்கின்றன. அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில் பெரும்பாலும் கம்பெனிப் பெயரே இருக்காது, மருந்துப் பெயர் மட்டும்தான் இருக்கும்.

ஒரே அட்டையில் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்திருந்தால், ஒப்பிடும்போது ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். கூட்டு மாத்திரையை ஒரே வரியில் எழுதினால், அதற்குள் ஒளிந்திருக்கும் இரட்டிப்பு கண்ணில் படவே படாது. கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்துகளையும் கவனியுங்கள். சர்க்கரை மாத்திரையில் "எம்" என்றால் பெரும்பாலும் மெட்ஃபார்மின் சேர்ந்திருக்கிறது. பிரஷர் மாத்திரையில் "ஏஎம்" என்றால் அம்லோடிபின், "ஹெச்" என்றால் நீர் பிரிக்கும் மருந்து. ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வழக்கம் இல்லை. எழுத்தைப் பார்த்துச் சந்தேகப்படலாம், அட்டையைப் படித்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

மருந்துப் பெயர் வேறாக இருந்தாலும் வேலை ஒன்றாக இருக்கலாம். அட்டெனோலால், மெட்டோப்ரலால், பைசோப்ரலால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். டெல்மிசார்டன், லோசார்டன் ஒரு வகை. பேன்டோப்ரசோல், ரேபெப்ரசோல், ஒமெப்ரசோல் ஒரு வகை. அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஒரு வகை. பெயரின் வால் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மாத்திரைகள் வீட்டில் இருந்தால் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு கேட்க வர வேண்டும்.

ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், வயது 66, என்று வைத்துக்கொள்வோம். மாரடைப்பு வந்து மதுரையில் ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பழைய டப்பாவில் இருப்பவை: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கு வரும் மெட்ஃபார்மின் 500 காலை, இரவு, அம்லோடிபின் 5 காலை, அட்டெனோலால் 50 காலை. மூட்டுவலிக்கு உள்ளூர் கிளினிக்கில் எழுதிக்கொடுத்த அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. அதோடு போடச் சொன்ன கேஸ் மாத்திரை, ரேபெப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்தது.

புது சீட்டில் இருப்பவை: ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75 சேர்ந்த கேப்சூல், அடோர்வாஸ்டாட்டின் 40 இரவு, மெட்டோப்ரலால் சக்சினேட் 25 காலை, டெல்மிசார்டன் 40 காலை, கிளிமெபிரைடு 1, மெட்ஃபார்மின் 500 சேர்ந்தது காலை, இரவு, பேன்டோப்ரசோல் 40 காலை வெறும் வயிற்றில்.

முதலில் சர்க்கரை. புது மாத்திரைக்குள்ளேயே மெட்ஃபார்மின் இருக்கிறது. பழையதையும் சேர்த்துப் போட்டால் ஒரு நாளைக்கு 1000 என்பது 2000 ஆகிவிடும். கிட்னி நன்றாக இருக்கும் சிலருக்கு டாக்டரே அவ்வளவு எழுதுவதுண்டு. ஆனால் இங்கே அதை யாரும் தீர்மானித்து எழுதவில்லை, தானாக நேர்ந்துவிட்டது. வயிற்றுப்போக்கு, குமட்டல் வரும். கிட்னி மந்தமாக இருந்தால் அதைவிடப் பெரிய தொந்தரவு. இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் சாயத்தால் கிட்னிக்குச் சுமை கூடலாம் என்பதால், தேவைப்படுகிறவர்களுக்கு மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்த பிறகு மறுபடி ஆரம்பிப்பார்கள். அப்படி நிறுத்தியிருந்தால் எந்தத் தேதியிலிருந்து ஆரம்பிப்பது என்பது பட்டியலில் இருக்க வேண்டும்.

அடுத்தது அட்டெனோலாலும் மெட்டோப்ரலாலும். இரண்டுமே இதயத் துடிப்பைக் குறைப்பவை. சேர்த்துப் போட்டால் நாடி மெதுவாகி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், கண் இருட்டும், கை கால் சில்லிடும். வீட்டில் இருப்பவர்கள் "ஆபரேஷன் அசதி" என்று விட்டுவிடுவார்கள். அதனால்தான் இந்த இரட்டிப்பு மற்றதைவிடத் தாமதமாகப் பிடிபடுகிறது. பொதுவாகப் பழையதற்குப் பதிலாகத்தான் புதியதை எழுதியிருப்பார்கள். அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பயந்துபோய் இரண்டையும் நிறுத்திவிடக் கூடாது. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி திரும்பி வரலாம்.

அம்லோடிபின் விஷயம் வேறு. அது டெல்மிசார்டனின் இரட்டிப்பு இல்லை. இரண்டும் வேறு வேறு வழியில் பிரஷரைக் குறைப்பவை, பலருக்குச் சேர்த்தே எழுதுவார்கள். எனவே இது தொடர வேண்டியதாகவும் இருக்கலாம், டாக்டர் வேண்டாமென்று விட்டதாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. டிஸ்சார்ஜ் அன்று வார்டில் பிரஷர் எவ்வளவு இருந்தது, அந்த அளவு அம்லோடிபின் இல்லாமல் வந்ததா என்று கேளுங்கள். அந்த இரண்டு பதிலும் கிடைத்தால் டாக்டர் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

மூட்டுவலி மாத்திரைதான் எனக்கு அதிகக் கவலை. சீட்டில் இல்லாவிட்டாலும் வலி வந்தால் கை டப்பாவுக்குப் போகும். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போடுகிறார். அதோடு அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது, இதயத்துக்கும் நல்லதில்லை. மலம் தார் போலக் கறுத்துப் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிக்குப் பெரும்பாலும் பாராசிட்டமால் மட்டும் இருக்கும் மாத்திரையைத்தான் சொல்வார்கள். அதிலும் ஒரு இரட்டிப்பு ஒளிந்திருக்கிறது. கடையில் வாங்கும் சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் உண்டு.

கேஸ் மாத்திரை இரண்டும் ஒரே வேலை, ஒன்று போதும். பழையதில் டோம்பெரிடோனும் இருக்கிறது. இதய நோயாளிக்கு அதைக் கேட்காமல் தொடரக் கூடாது.

பழைய டப்பாவில் ஐந்து வகை இருந்ததல்லவா? டாக்டரிடம் கேட்டபோது அம்லோடிபினையும் இப்போதைக்கு வேண்டாம் என்றார் என்று வைத்துக்கொண்டால், ஐந்துமே வெளியே போய்விடும்.

பட்டியலில் என்னென்ன எழுத வேண்டும்? நோட்டிலா, போனிலா?

ஒரு முழு வெள்ளைத்தாள் போதும். போனில் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்ளும் எல்லோர் போனிலும் இருக்கட்டும். மேலே பெயர், வயது, ஒவ்வாத மருந்து, ஸ்டென்ட் வைத்த தேதி. ஒப்பிட்டு முடித்துவிட்டதால் இங்கே கூட்டு மாத்திரையை ஒரே வரியில் எழுதலாம். அதன் கீழே இந்த மாதிரி:

மெட்டோப்ரலால் சக்சினேட் 25 – காலை 1 – சாப்பிட்டதும் – இதயத்துக்கு – புதிது, அட்டெனோலாலுக்குப் பதில்
கிளிமெபிரைடு 1 + மெட்ஃபார்மின் 500 – காலை 1, இரவு 1 – டாக்டர் சொன்னபடி சாப்பாட்டை ஒட்டி – சர்க்கரைக்கு – புதிது, தனி மெட்ஃபார்மினுக்குப் பதில்
ஆஸ்பிரின் 75 + குளோபிடோக்ரல் 75 – ஒரு வேளை 1 – சாப்பிட்ட பின் – ஸ்டென்ட் அடைக்காமல் இருக்க – இதய டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது

"எதற்கு" என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். இரண்டு மாத்திரைக்கு எதிரே ஒரே காரணம் வந்தால் அங்கே நின்று யோசிக்கலாம். மருந்துப் பெயரை அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தே எழுதுங்கள், காதில் கேட்டபடி வேண்டாம்.

தாளின் அடிப்பாதியில் "நிறுத்தியவை" என்று தலைப்பிட்டு, எந்த மாத்திரை, எந்தத் தேதி, யார் சொன்னது, ஏன் என்று எழுதுங்கள். பலர் போடும் பட்டியலில் இது இருக்காது. ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டர் அட்டெனோலாலை மறுபடி எழுதாமல் தடுப்பது இந்தப் பாதிதான்.

சீட்டில் "15 நாள்" என்று போட்டிருக்கிறது. மாத்திரை தீர்ந்தால் நிறுத்திவிடலாமா?

கூடாது. ஆன்டிபயாட்டிக் என்றால் 5 நாள், 7 நாள் என்று எழுதியபடி முடித்துவிடலாம். இதய மாத்திரைக்கு எதிரே இருக்கும் 15 நாள் என்பது அடுத்த ரிவியூ வரைக்குமான கணக்கு. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு சேர்த்து இரண்டாவது ரத்தம் உறையாத மாத்திரையைப் பெரும்பாலும் ஒரு வருடம் வரை தருவார்கள். அட்டை தீர்ந்தது, பஸ்ஸுக்குக் காசில்லை, திருவிழா முடியட்டும் என்று இடையில் விட்டால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். ரிவியூவுக்குப் போக முடியாவிட்டாலும் மாத்திரையை வாங்கித் தொடருங்கள். பல் பிடுங்குவதற்காக நிறுத்தச் சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்ட பிறகுதான் நிறுத்த வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் அக்கா பழைய மாத்திரையையே கொண்டுவந்து கொடுக்கிறார். வாங்கிக்கொள்ளவா?

அவர் கையில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவாகியிருக்கும் பழைய கணக்கு. அங்கே மாற்றாத வரை அவர் கொண்டுவருவதும் மாறாது. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் உங்கள் பட்டியலையும் எடுத்துக்கொண்டு சுகாதார நிலைய டாக்டரை ஒரு முறை பாருங்கள். புதிய மாத்திரைகளில் அங்கே இலவசமாகக் கிடைப்பது எது என்றும் அவரிடமே கேட்கலாம். கிடைத்தால் மாதச் செலவும் குறையும். அதுவரை, "இதை நிறுத்தச் சொல்லிட்டாங்கக்கா" என்று பட்டியலைக் காட்டி, நிறுத்தியதை மட்டும் வாங்காமல் விடுங்கள். "இருக்கட்டுமே, இலவசம்தானே" என்று வாங்கி வைத்தால் அது டப்பாவில் உட்கார்ந்துகொண்டு என்றைக்காவது வேலையைக் காட்டும்.

கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். பரவாயில்லையா?

மருந்துப் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் எங்கே வாங்கினாலும் இதே சோதனைதான். ஆனால் பெயரை முழுதாகப் படியுங்கள். மெட்டோப்ரலால் சக்சினேட் நாள் முழுக்க மெதுவாகக் கரைவது, ஒரு வேளை போதும். மெட்டோப்ரலால் டார்ட்ரேட் சீக்கிரம் கரைந்துவிடும், பொதுவாக இரண்டு வேளை போட வேண்டும். "மெட்டோப்ரலால் 25 கொடுங்க" என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் வரலாம். எஸ்ஆர், எக்ஸ்எல், ஈஆர் என்று போட்டிருக்கும் மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கவும் கூடாது.

புது அட்டை வாங்கியதும் பழைய அட்டையில் மிச்சம் இருப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள். இரண்டு கம்பெனி அட்டையும் டப்பாவில் இருந்தால், தாத்தா காலையில் ஒன்றைப் போட்டுக்கொள்ள, அவர் மறந்துவிட்டார் என்று நினைத்து அப்பத்தா இன்னொன்றையும் கொடுப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. மாத்திரை கொடுக்கும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும். அவர் வெளியூர் போனால் யார் என்பதையும் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.

நாட்டு மருந்து, லேகியம், சுகர் பவுடர் எல்லாம் பட்டியலில் வருமா?

வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பவுடராக இருந்தால் அதையே டாக்டரிடம் காட்டுங்கள்.

தெரியாமல் இரட்டிப்பாகப் போட்டுவிட்டார். இப்போது என்ன செய்வது?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கோ 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ போன் செய்யுங்கள்.

கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை என்றால் தனியாக விடக் கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தாலோ, மெஷினில் 70-க்குக் கீழே காட்டினாலோ, விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிவிட்டது என்று படுக்க வைத்துவிடாதீர்கள். இந்த மாத்திரையின் வேலை மணிக்கணக்கில் நீடிப்பதால் மறுபடியும் இறங்கலாம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதே சரி. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

துடிப்பைக் குறைக்கும் மாத்திரை இரட்டித்துவிட்டால் நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தாலோ, மயக்கம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே 108.

ஒரு வேளை மறந்துபோனதற்காக அடுத்த வேளை இரண்டாகக் கொடுப்பதும் இரட்டிப்புதான்.

நிறுத்திய மாத்திரைகளை என்ன செய்வது?

டாக்டர் உறுதி செய்யும் வரை தனிக் கவரில் கட்டி, "கொடுக்க வேண்டாம்" என்று எழுதி, மாத்திரை டப்பா இருக்கும் அலமாரியில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். உறுதியானதும் வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். பக்கத்து வீட்டில் அதே பிரஷர் இருக்கிறது என்று தூக்கிக் கொடுக்காதீர்கள். கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, காபித்தூள் சக்கையோடோ மண்ணோடோ கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடலாம். வெறும் அட்டையைக் கிழித்துப் போடுங்கள்.

சில மாத்திரைகளை மட்டும் நீங்களாகவே முடிவு செய்து ஒதுக்கி வைக்க வேண்டாம். வலிப்பு, தைராய்டு, மனநலம், ஸ்டீராய்டு மாத்திரைகளும் இன்சுலினும் புது சீட்டில் இல்லாவிட்டால், "கேட்ட பிறகு கொடுப்போம்" என்று நாள் கடத்தாதீர்கள். சம்மரியின் அடியில் இருக்கும் எண்ணுக்கு, அடுத்த வேளைக்கு முன்பே போன் செய்து கேளுங்கள்.